எண் நகர்ந்தால் விதி தொலையும்

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் விதித்தொகுப்பு நாற்பது பக்கம். அபராதம் விதித்தால், "எந்த விதிப்படி?" என்கிறார்கள். விதி இருக்கிறது, ஆனால் சுட்டிக்காட்ட முடியவில்லை. ஒவ்வொரு திருத்தத்திலும் எண்களும் மாறிவிடுகின்றன. எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டுமோ?
- எஸ்.ஆர்., மாரத்தஹள்ளி, பெங்களூரு

பதில்: கவலை வேண்டாம் எஸ்.ஆர். விதிகளின் பொருளை மாற்ற வேண்டியதில்லை. தலைப்பையும் எண்ணையும் ஒழுங்குபடுத்தினால் போதும்.

குழப்பம் பெரும்பாலும் ஒரே எண்ணுக்குள் பல கட்டளைகள் இருப்பதால் வருகிறது. உங்கள் 7-ஆம் விதி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: நாயைக் கயிறில்லாமல் விடக் கூடாது, கழிவை உரிமையாளரே அகற்ற வேண்டும், விளையாட்டுத் திடலுக்குள் கொண்டுவரக் கூடாது. இம்மூன்றுக்கும் கீழே, எண்ணில்லாத ஒரு வரி: "மீறினால் 500 ரூபாய் அபராதம்." இந்த வரி மூன்றுக்கும் பொருந்துமா, கடைசியானதற்கு மட்டுமா? வழக்கு இங்கேதான் தொடங்குகிறது. மூன்றையும் 7.1, 7.2, 7.3 என்று பிரியுங்கள். அபராதத்தை 7.4 ஆக்கி, "7.1 முதல் 7.3 வரை எதை மீறினாலும்" என்று தொடங்குங்கள்.

தலைப்பு "பொது", "இதர" என்று இருக்கக் கூடாது. "வளர்ப்புப் பிராணிகள்" என்று பொருளைச் சொல்ல வேண்டும். அத்தியாயம் மாறும்போது எண்ணை மறுபடி 1-இலிருந்து தொடங்காதீர்கள்; தொடங்கினால் 7-ஆம் விதி பல இடங்களில் இருக்கும். உட்பிரிவுகளுக்கு (அ), (ஆ) வேண்டாம். உங்கள் குடியிருப்பில் கன்னடம், தமிழ், இந்தி பேசுவோர் கலந்திருப்பார்கள், 7.3.2 என்ற இலக்கம் எல்லோருக்கும் ஒன்றே.

திருத்தத்துக்கு நம் அரசியலமைப்புச் சட்டமே வழிகாட்டி. இன்றைய கல்யாண கர்நாடகப் பகுதிக்குச் சிறப்பு ஏற்பாடு தந்த 98-ஆவது திருத்தம் (2012), 372-க்கு முன்னால் 371ஜே என்ற பிரிவைச் சேர்த்தது, 372 நகரவில்லை. சொத்துரிமை பற்றிய 31-ஆம் பிரிவை 44-ஆவது திருத்தம் (1978) நீக்கியபோதும் 32 மேலேறி 31 ஆகவில்லை. நீங்களும் 7.2-க்குப் பின் புது விதி சேர்த்தால் 7.2ஏ என்று எண்ணிடுங்கள். விதியை நீக்கினால் எண்ணை விட்டுவைத்து, "நீக்கப்பட்டது" என்று தேதியுடன் எழுதுங்கள்.

கணினியின் தானியங்கி எண்ணிடல் வரைவு நிலையில் உதவும். பொதுக்குழு ஒப்புதல் தந்தபின் அதை நிறுத்தி, எண்களைச் சாதாரண எழுத்தாக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் நடுவே ஒரு வரி சேர்த்தாலும் கீழுள்ள எண்கள் நகரும், "7.4-ஐப் பார்க்க" என்று கையால் எழுதிய குறிப்புகள் தவறான இடத்தைக் காட்டும். அபராதக் கடிதத்தில் விதி எண்ணோடு பதிப்புத் தேதியையும் குறிப்பிடுங்கள்.

முடித்ததும், தொகுப்பை எழுதாத இருவரிடம் ஒரே மீறலைச் சொல்லி, எந்த விதி என்று தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு எண்கள் வந்தால், அந்த இரு விதிகளும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. அவற்றை மட்டும் திருத்தினால் போதும்.