முதல் டேட்: டாபிக்குக்கும் ஒரு தாய்மொழி உண்டு

முதல் டேட்டுக்கு முன்னாடி எல்லாருக்கும் வர்ற கேள்வி, "என்ன பேசுறது?" ரெண்டு பேருக்கும் தாய்மொழி வேற வேறன்னா இன்னொண்ணும் சேர்ந்துக்கும்: "எந்த மொழியில பேசுறது?" பார்க்கப்போனா ரெண்டும் ஒரே கேள்விதான்.

இருமொழி பேசுவோரை ஆராய்ந்த ஃபிரான்சுவா குரோஜான் சொல்வது இது: ரெண்டு மொழி தெரிந்தவர் ரெண்டையும் எல்லா இடத்திலும் சமமாகப் பயன்படுத்துவதில்லை. சில விஷயங்களுக்கு ஒரு மொழி, சிலருக்கு இன்னொரு மொழி என்று பிரித்து வைத்திருப்பார். நம்மையே எடுத்துக்குவோம். லேப்ல செய்த சர்க்யூட்டை இங்கிலீஷ் வார்த்தை இல்லாம விளக்கத் திணறுவோம். பாட்டி வைக்கிற ரசத்தைப் பற்றி இங்கிலீஷ்ல பேசினா மூணாவது வாக்கியத்துலயே சரக்கு தீர்ந்திடும்.

ஒரு ஜோடியை வைத்துப் பார்ப்போம். அவன் மதுரை, அவள் திருச்சூர், படிப்பது கோயம்புத்தூரில். சாட்டில் இங்கிலீஷ், நடுநடுவே தமிழும் மலையாளமும், எல்லாம் ரோமன் எழுத்தில். சாட் ஜாலியாகப் போகிறது என்பதால் நேரிலும் அப்படியே போகும்னு நம்பிடக் கூடாது. சாட்டில் ஒரு வார்த்தை புரியலைன்னா தேடிப் பார்க்கலாம், ரூம்மேட்டிடம் கேட்கலாம். நேரில் அந்த இரண்டு நிமிஷம் கிடைக்காது.

அதனால முதல் வேலை, பழைய சாட்டை ஒரு தடவை மேலே தள்ளிப் பார்ப்பது. அவள் எங்கே இங்கிலீஷை விட்டு மலையாளத்துக்குத் தாவுகிறாள்? அம்மா, வீட்டுச் சாப்பாடு, ஊர் மழை பற்றிப் பேசும்போதுன்னா, அவளுக்குச் சொல்ல நிறைய இருக்கும் இடம் அதுதான். பிளேஸ்மென்ட், இன்டர்னல் மார்க் எல்லாம் இங்கிலீஷில்தான் வருகிறதா? அது ரெண்டு பேருக்கும் சமமான மைதானம். ஆரம்பப் படபடப்பு போக அதில் பத்து நிமிஷம் பேசலாம். அதுக்கு மேல போனா இன்டர்வியூ மாதிரி ஆகிடும்.

சினிமா காமெடியும் மீமும் முதல் நாளுக்கு வேண்டாம். வடிவேலு வசனத்தை இங்கிலீஷில் விளக்க ஆரம்பித்தால் சிரிப்பு போய் உரைநூல்தான் மிஞ்சும். படத்தைப் பற்றிப் பேசணும்னா கதையைப் பேசலாம், பாட்டைக் கேட்க வைக்கலாம். வார்த்தை விளையாட்டில் நிற்கும் நகைச்சுவை மட்டும் அப்புறம்.

கை வைத்துக் காட்டக்கூடிய, ரெண்டு வீட்டிலும் இருக்கும், ஆனால் ஒரே மாதிரி இல்லாத விஷயம்தான் நல்ல டாபிக். உதாரணம், காலை டிபன். "வீட்ல காலைல என்ன?"ன்னு அவன் கேட்கிறான். அவள், "புட்டும் கடலையும்." அவன் மனசுல ஓடுறது உதிர்த்த புட்டு, பக்கத்துல வறுத்த வேர்க்கடலை. அவள் சொல்வது குழாயில் தேங்காய்ப்பூவும் மாவும் மாற்றி மாற்றி அடைத்து ஆவியில் வேகவைத்த புட்டு, தொட்டுக்கக் கொண்டைக்கடலைக் கறி. "கடலையா? வறுத்ததா?"ன்னு அவன் கேட்டால் போதும். அவள் கையாலேயே குழாயை வரைந்து காட்டுவாள். தமிழ்ல கடலை போடுறதுன்னா என்னன்னு அடுத்து அவளே கேட்பாள். அதுக்குப் பதில் சொல்ற சாமர்த்தியம் அவன் பாடு.

இப்படி ஒரே ஒலியில் வேற அர்த்தம் தரும் வார்த்தைகள் நிறைய. மலையாளத்தில் 'சம்சாரம்' என்றால் பேச்சு, 'அவசரம்' என்றால் வாய்ப்பு. இதுல ஆபத்து என்னன்னா, கேட்கிறவருக்குப் புரியாத மாதிரியே இருக்காது. தப்பாகப் புரிந்துகொண்டு தலையாட்டிடுவார். பேச்சு திடீர்னு பொருந்தாம போனா, கடைசியா வந்த பழக்கமான வார்த்தையைத்தான் முதலில் சந்தேகப்படணும்.

புரியாமல் தலையாட்டுவதைக் கண்டுபிடிக்கலாம். சிரிப்பு அரை நொடி தாமதமாக வரும். பதில் "ஓ, நைஸ்" என்று சுருங்கும். திருப்பிக் கேள்வி வராது. அப்போ "புரிஞ்சுதா?"ன்னு கேட்டா "ம்"தான் கிடைக்கும். "உங்க வீட்ல இதை எப்படிச் செய்வீங்க?"ன்னு கேட்டா, புரிந்ததா இல்லையான்னு பதிலிலேயே தெரிஞ்சிடும். புரியலைன்னா அதே வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லாம, வார்த்தையை மாற்றிச் சொல்லணும்.

"ஏதாவது மலையாளத்துல பேசிக் காட்டேன்" மட்டும் வேண்டாம். அது உரையாடல் இல்லை, மேடை ஏற்றிவிடுவது. அவங்க ரசித்துப் பேசுற விஷயத்தைக் கேட்டால் மொழி தானாக வரும்.

குடும்பம், மதம், கல்யாணம் போன்ற கனமான பேச்சை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம். "எனக்குக் கொஞ்சம் தயக்கமா இருக்கு"ன்னு தாய்மொழியில் மென்மையாகச் சொல்லக்கூடியது, கைவராத மொழியில் வெறும் "நோ" ஆகிவிடும். அந்த "நோ"வுக்குள்ள எத்தனை "கொஞ்சம்" இருக்குன்னு கணிக்கும் அளவுக்கு ரெண்டு பேரும் இன்னும் பழகலையே.