விதையில்லாத் தர்பூசணி: முளைப்பில்தான் சிக்கல்

விதையில்லாத் தர்பூசணிக்கும் விதை வாங்கித்தான் போட வேண்டும். அதை ஊறவைக்காதீர்கள். சாதாரண தர்பூசணி விதையை ராத்திரி தண்ணீரில் போட்டுப் பழகியவர்கள் இதையும் ஊறவைத்து, பாதித் தட்டு அழுகியதைப் பார்த்தபின் விதை வியாபாரியோடு சண்டைக்குப் போகிறார்கள்.

காரணம் விதையின் பிறப்பில் இருக்கிறது. தர்பூசணிச் செடியின் செல்லில் 22 குரோமோசோம்கள். நாற்றில் கோல்சிசின் மருந்திட்டு அதை 44 ஆக்கி, அந்தச் செடியைத் தாயாக்கி, 22 உள்ள செடியின் மகரந்தத்தைச் சேர்த்தால் 33 உள்ள விதை கிடைக்கும். 33-ஐ இரண்டாகச் சரியாகப் பங்கிட முடியாது. அதனால் அந்தச் செடியின் மகரந்தமும் சூலும் ஒழுங்காக உருவாவதில்லை. பழத்துக்குள் மிஞ்சுவது மெல்லிய வெள்ளைத் தோல்கள்தான்.

நாம் விதைக்கும் அந்த 33 விதைக்கு ஓடு தடிமன், உள்ளே கரு சிறிது. இடைவெளியில் தண்ணீர் தங்கினால் கரு மூச்சு முட்டிச் செத்துவிடும். எனவே நார்க்கழிவைக் கையில் பிழிந்தால் சொட்டாத அளவுக்கு ஈரமாக்கிக் குழித்தட்டில் நிரப்புங்கள். கூர்முனை மேலே பார்க்க விதையை நடுங்கள். அப்போதுதான் ஓடு இலையில் ஒட்டாமல் கழலும். தட்டுகளை அடுக்கி மூடி, 30 முதல் 32 டிகிரி சூட்டில் இரண்டு நாள் வையுங்கள். முளை தெரியும்வரை பூவாளியைத் தொடவே கூடாது. அப்படியும் ஓடு ஒட்டிய நாற்றுகள் சில இருக்கும். காலையில் ஓடு ஈரமாக இருக்கும்போதே விரலால் கழற்றுங்கள். காய்ந்தபின் இழுத்தால் இலை கிழியும்.

நடவில் மூன்று செடிக்கு ஒரு சாதாரண செடி கட்டாயம். விதையில்லாச் செடியின் மகரந்தம் பயன்படாது. ஆனால் நல்ல மகரந்தம் சூல்முடியில் விழுந்தால்தான் பிஞ்சு பெருக்கும். நான் சுகர் பேபிதான் வைப்பேன். கரும்பச்சைத் தோல் என்பதால், வரியுள்ள விதையில்லாக் காயோடு அறுவடையில் கலக்காது. பூக்கும் நாட்களில் காலையில் மருந்தடிக்காதீர்கள், தேனீ வரும் நேரம் அது. காய் முக்கோணமாகக் கோணினால் மகரந்தம் போதவில்லை என்று பொருள். முதல் காய்களில் பழுப்பு விதை தென்பட்டால் உடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் வெறும் ஓடாக இருக்கும்.

திராட்சையின் கதை வேறு. தாம்சன் சீட்லஸில் கரு உண்டாகிறது, ஆனால் சில வாரங்களிலேயே வளர்ச்சி நின்றுவிடுகிறது. பழத்தை இரண்டாகக் கீறினால் மென்மையான சிறு தடம் தெரியும். குச்சி வைத்தோ ஒட்டுக் கட்டியோ பெருக்குவதால் விதை இல்லாதது நாற்றுக்குத் தடையில்லை. பருமனுக்குத்தான் தடை: காயைப் பெருக்கவைக்கும் ஜிப்ரலினை விதைதான் சுரக்கும். ஆகவே பிஞ்சு பிடித்ததும் கொத்து முழுக்க நனையும்படி ஜிப்ரலிக் அமிலம் தெளிக்கிறார்கள். கொத்தில் நெருக்கமான பிஞ்சுகளைக் கத்தரித்துவிடுங்கள். நெருக்கினால் உள்பழம் வெடித்து அழுகும்.