‘வீடு’ என்று தலைப்புக் கொடுத்தால்...

தலைப்புக் கொடுத்து எழுதச் சொல்வது தமிழுக்குப் புதிதல்ல. ஈற்றடியைக் கொடுத்து வெண்பாவை முடிக்கச் சொன்ன மரபு நம்முடையது. சிங்கப்பூரில் கவிமாலைச் சந்திப்புக்கும் எழுத்தாளர் கழகத்தின் கதைக்களத்துக்கும் போய் வந்த நண்பர்களுக்கு, கொடுத்த தலைப்புக்கோ தொடக்க வரிக்கோ எழுதும் பழக்கம் இருக்கும். ‘நேரம்’, ‘வீடு’, ‘மழை’ என்று ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் தவணை தருவார்கள். அந்த ஒரு சொல்லோடு நான் மல்லுக்கட்டிய கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். ஒரே தலைப்புக்கு மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டும் ஏன் தோற்றன என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மூன்றாவதை எழுத முடிந்தது.

முதல் படி: வீட்டைப் பற்றி ஒரு வீடு

தலைப்பு ‘வீடு’. என் ஊர் ஜொகூர். நான் ஆறாம் ஆண்டு வரை படித்த தமிழ்ப்பள்ளிக்குப் பின்னால் தோட்டத்து வீடுகள் வரிசையாக இருந்தன. அவற்றை இடித்ததைக் கதையாக்கினேன். தகரக்கூரை, மாமரம், சுவரில் தாத்தாவின் படம் எல்லாம் இருந்தன. கடைசியில் இயந்திரம் வந்து இடித்தது, பாட்டி அழுதார். பரிசு கிடைக்கவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் நடுவர் ஒருவரிடம் காரணம் கேட்டேன். “தம்பி, உங்கள் கதையில் வீட்டைப் பார்த்தேன். ஆளைப் பார்க்கவில்லை. இடிக்கப்படும் வீடு இந்தக் கட்டில் மட்டும் இன்னும் ஒன்பது இருக்கிறது” என்றார்.

அந்த ஒன்பதும் எங்கிருந்து வந்தன என்று யோசித்தேன். ஒரு சொல்லைக் கேட்டதும் முதலில் வருவது எல்லாருக்கும் பொதுவான படம். ‘வீடு’ என்றால் இடிப்பு, விற்பனை, முதியோர் இல்லம். ‘நேரம்’ என்றால் கடிகாரம், மருத்துவமனை, தேர்வு மண்டபம். எனவே இப்போதெல்லாம் முதலில் தோன்றும் ஐந்தாறு படங்களைத் தாளில் எழுதி, அவற்றைத் தொடுவதில்லை என்று கோடு போட்டுவிடுகிறேன். பிறகு அந்தச் சொல் நம் பேச்சில் எங்கெல்லாம் வருகிறது என்று பட்டியல் போடுகிறேன். ‘வீடு’ பட்டியலில் வீட்டுக்காரர், வீட்டுக்கு வீடு வாசற்படி, வீட்டுப்பாடம், வீடுபேறு எல்லாம் வந்தன. கணவனுக்கும் உரிமையாளருக்கும் ஒரே சொல் ஏன்? ‘விடு’ என்பதிலிருந்து வந்த சொல், தங்கும் இடத்துக்கும் விடுதலைக்கும் எப்படிப் பொருந்துகிறது? இப்படிக் கேட்கும்போதே படம் மாறத் தொடங்கும்.

இரண்டாம் படி: கிராஞ்சிச் சுவர்

வீடுபேறு என்ற பொருள் எனக்குப் பிடித்துப்போனது. கிராஞ்சிப் போர் நினைவிடத்துக்கு நடந்து போனேன். அங்கே 4,400க்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. நினைவுச் சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அதற்குப் பின்னால் தகன நினைவுச் சின்னம் ஒன்று இருக்கிறது. தம் சமய வழக்கப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கு உரியது அது. பெரும்பாலோர் இந்தியப் படையினர். வீடு திரும்பாதவர்களுக்கு வீடுபேறாவது கிடைத்திருக்குமா என்று ஒரு கதை எழுதி நண்பரிடம் கொடுத்தேன். தலைப்பை மறைத்துவிட்டு, எதைப் பற்றிய கதை என்று கேட்டேன். “போர்” என்றார். தலைப்பைச் சொன்னேன். “அப்படியா? எங்கே?” என்றார். நான் விளக்க வேண்டியதாயிற்று.

நேர்ப்பொருளை விட்டு விலகலாம். ஆனால் எழுதியவர் பக்கத்தில் நின்று விளக்கினால்தான் தலைப்புத் தெரியும் என்றால், அது விலகல் இல்லை, வழிதவறல். அந்தச் சிப்பாயின் சாப்பாடு என்ன, அவர் யாருக்குக் கடிதம் எழுதினார் என்று எனக்கு எதுவும் தெரியாது. தெரியாததை மறைக்கத்தான் தத்துவத்தை வைத்திருந்தேன்.

திணை சொல்லித் தரும் வழி

அப்போதுதான் வகுப்பில் படித்த தொல்காப்பியம் உதவியது. அகப்பாட்டில் நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்து மரம், பறவை, தொழில் ஆகியவை கருப்பொருள். பாட்டின் உணர்வு உரிப்பொருள். முல்லைக்குப் பெரும்பொழுது கார்காலம், சிறுபொழுது மாலை. ஆனால் முல்லைப் பாட்டு மாலையைப் பற்றியதா? இல்லை. காத்திருத்தலைப் பற்றியது. கார் வந்ததும் வருவேன் என்று சொல்லிப் போனவன் இன்னும் வரவில்லை, மேகம் வந்துவிட்டது. அந்தப் பொழுது இல்லாவிட்டால் அந்தக் காத்திருத்தலுக்கு வலியும் இல்லை.

போட்டித் தலைப்பையும் இப்படியே பார்க்கலாம். கொடுக்கப்பட்ட சொல் முதற்பொருள். நாம் தேட வேண்டியது அதற்குரிய உரிப்பொருளையும், அதைத் தாங்கும் ஒரு கருப்பொருளையும். என் முதல் கதையில் முதற்பொருள் மட்டுமே இருந்தது. இரண்டாவதில் உரிப்பொருள் மட்டுமே இருந்தது.

மூன்றாம் படி: இரண்டு சாவிகள்

என் அப்பா ஜொகூரிலிருந்து நாள்தோறும் பாலம் கடந்து, கிராஞ்சி நிலையத்தில் பேருந்தைவிட்டு இறங்கி வேலைக்குப் போகிறவர். அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்புவார். இரவு வரும்போது அம்மாதான் கதவைத் திறப்பார். போன ஆண்டு அம்மா பெரியம்மாவைப் பார்த்துக்கொள்ள ஈப்போவுக்குப் போயிருந்தார். அன்று இரவு பத்தரைக்கு அப்பா விடுதியில் இருந்த என்னை அழைத்தார். “தம்பி, கம்பிக் கதவுக்கு எந்தச் சாவி?” என்றார்.

நான் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்தச் சாவிக்கொத்தை எனக்குத் தெரியும். தொழிற்சாலைப் பெட்டியின் சாவி தேய்ந்து பல் மழுங்கியிருக்கும். வீட்டுச் சாவி வாங்கிய நாளின் பளபளப்போடு இருக்கும். அந்த வீட்டுக்கு அவர் தவணை கட்டத் தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மூன்றாவது கதையில் இதைத்தான் எழுதினேன். கிராஞ்சி நிறுத்தத்தில் ஒருவர் பேருந்துக்கு நிற்கிறார், சட்டைப்பையில் சாவிக்கொத்தை உருட்டியபடி. தொட்டாலே அவருக்குத் தெரியும் சாவி ஒன்றுதான். கடைசியில் இருட்டில் ஒரு கதவின் முன் நின்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார். ‘வீடு’ என்ற சொல் கதையில் ஓரிடத்திலும் இல்லை. அவர் பாவம் என்றும் எழுதவில்லை. முதல் எழுத்தில் அப்படி இரண்டு வரிகள் இருந்தன, அடித்துவிட்டேன். தேய்ந்த சாவியே அதைச் சொல்லிவிடுகிறது.

அனுப்பும் முன் இரண்டு சோதனைகள்

முதலாவது, நண்பரிடம் செய்த மறைப்புச் சோதனை. முதல் பத்தியிலேயே தலைப்பைச் சொல்லிவிட்டால் கதை நேர்ப்பொருளில் நிற்கிறது. சொன்ன பிறகும் புரியாவிட்டால் தொலைவுக்குப் போய்விட்டது. தலைப்பைக் கேட்டதும், “ஆமாம், அதுதானே!” என்று சொன்னால் சரி. இரண்டாவது, நீக்கச் சோதனை. அதே கதையை ‘உழைப்பு’, ‘தந்தை’ என்ற தலைப்புகளுக்கும் மாற்றமின்றி அனுப்ப முடியுமா? முடியும் என்றால், பழைய கதைக்குப் புதுத் தலைப்பு ஒட்டியதாக நடுவர் நினைப்பார். என் கதை ‘தந்தை’க்கும் ஓரளவு பொருந்தியது. எனவே பேருந்துக்குள் நடந்த உரையாடலைக் குறைத்து, கதவின் முன் நிற்கும் பகுதியை நீட்டினேன். இப்போது அந்தக் கதவை எடுத்துவிட்டால் கதையே இல்லை.

திருக்குறளில் அறம், பொருள், இன்பம் என முப்பால் உண்டு. வீட்டுக்கெனத் தனிப்பால் இல்லை. மற்ற மூன்றையும் சொன்னதிலேயே அது அடங்கிவிட்டது என்று சொல்வார்கள். போட்டிக்கு எழுதுகிறவனுக்கு இதுவும் ஒரு பாடம்.

கதைக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது பார்த்தேன். கொத்தில் ஒரு சாவிக்கு மட்டும் சிவப்பு நூல் கட்டியிருந்தார்.