கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் சான்றிதழ்

கேள்வி: திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் டிபன் கடை வைத்திருக்கிறேன். உணவுப் பாதுகாப்பு உரிமத்தைச் சட்டம் போட்டு மாட்டியும், வெளியூர்க்காரர்கள் வாசலில் தயங்கித் திரும்புகிறார்களே?

பதில்: கல்லாவுக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பக்கத்தில்தானே மாட்டியிருக்கிறீர்கள்? அதைப் பார்ப்பவர் சாப்பிட்டு முடித்துக் காசு கொடுக்க வந்தவர். தயக்கமோ வாசலில், விலைப்பலகையைப் படிக்கும்போதே வந்துவிடுகிறது. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தந்த 14 இலக்க எண்ணை அந்தப் பலகையிலேயே, விலைகளுக்குக் கீழே பெரிதாக எழுதுங்கள். பௌர்ணமிக் கூட்டம் இரவில் நடப்பது. விளக்கு வெளிச்சம் பலகைமேல் விழ வேண்டும். எதிர்ச்சாரியில் நின்று நீங்களே படித்துப் பாருங்கள். 'கேன் தண்ணீர் மட்டுமே' என்று உறுதி தருவதானால், அதைத் தண்ணீர் ஜக்கு இருக்கும் மேசையில் வையுங்கள். கம்பெனிகளுக்குச் சாப்பாடு அனுப்புவதானால், அவற்றின் சின்னங்கள் வாசலுக்கு வேண்டாம். மொத்த ஆர்டர் பேச வருபவர் உட்காரும் இடத்தில் இருக்கட்டும்.