கண்ணுக்குத் தெரிந்தது காதுக்குத் தெரியவில்லை

ஆங்கிலத்தில் வாசிப்பு எனக்கு இலகு. ஆனால் செவிமடுத்தல் பயிற்சியில் பத்துக்கு நான்கு புள்ளிகளே கிடைத்தன. "இவ்வளவு வாசிக்கிற புள்ளைக்கு ஏன் விளங்கல்ல?" என்று உம்மா கேட்டார். அந்த ஒலிப்பதிவின் எழுத்து வடிவத்தை எடுத்து வாசித்தேன். தெரியாத சொல் ஒன்றுகூட அதில் இல்லை.

காரணம் அப்போதுதான் புரிந்தது. தாளில் சொற்களுக்கிடையே இடைவெளி உண்டு, பேச்சில் இல்லை. 'பிக் இட் அப்' என்று நான் மூன்று சொற்களாகப் படித்தது, பேசுபவரின் வாயில் 'பிக்கிட்டப்' என்று ஒரே சொல்லாக வருகிறது. 'போகவேண்டும்' என்று புத்தகத்தில் படித்த ஒருவருக்கு நமது 'போகணும்' புரியாதது போலத்தான் இதுவும். மேலும், வாசிக்கும்போது விளங்காத வரிக்குத் திரும்பிப் போகலாம். ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சையில் நாற்பது வினாக்களுக்குமான ஒலிப்பதிவு ஒரு தடவை மட்டுமே ஒலிக்கும்.

என் இன்னொரு பிழை, கேட்டதை முழு வாக்கியமாக எழுத முயன்றது. நமது புல்மோட்டை மணலைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பந்தி எழுதி, ராத்தாவை வாசிக்கச் சொன்னேன். இல்மனைட் காந்தத்தால் பிரிக்கப்படுகிறது. ரூட்டைல் மின்சாரத்தைக் கடத்தும், சிர்கோன் கடத்தாது, அந்த வேறுபாட்டால் அவை இரண்டும் பிரிக்கப்படுகின்றன என்பதே விடயம். முதல் வாக்கியத்தை நான் எழுதி முடிப்பதற்குள் சிர்கோன் போய்விட்டது.

மறுநாள் வேறொரு பந்தியை இப்படி எழுதினேன். பெயர், எண், செயல் ஆகிய மூன்றை மட்டும் குறித்தேன். காரணத்துக்கு அம்புக்குறி, எதிர்மறைக்குப் பெருக்கல் குறி. மணல் பந்தியை இம்முறையில் எழுதினால் இவ்வளவுதான் வரும்:

இல்ம. → காந்தம்
ரூட். – மின் ✓
சிர். – மின் ✗

தவறவிட்ட இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போக வேண்டும். போனதை யோசித்துக்கொண்டிருந்தால் வருவதும் போய்விடும். ஒலிப்பதிவு நின்றவுடன், நினைவு மங்குமுன், குறிப்புகளை முழு வாக்கியங்களாக்க வேண்டும். பேசுபவர் "செவ்வாய், இல்லை, வியாழன்" என்று திருத்தினால் முதலாவதை வெட்டிவிடுங்கள். பரீட்சையில் பலர் விழும் குழி அது.

பயிற்சிக்கு ஒரு நிமிட ஒலிப்பதிவு போதும். முதலில் குறிப்பெடுத்துக் கேளுங்கள். பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, தவறிய சொற்களை அடிக்கோடிடுங்கள். அவை உங்களுக்குத் தெரிந்த சொற்களாக இருந்தால் குறை காதில்தான். அந்த இடத்தை மட்டும் மீண்டும் கேட்டு, பேசுபவர் சொல்வது போலவே வாய்விட்டுச் சொல்லுங்கள். தெரியாத சொற்களே அதிகமாக இருந்தால் அந்த ஒலிப்பதிவு இப்போதைக்கு உங்களுக்குக் கடினம். இலகுவானதை எடுங்கள்.

பெற்றோருக்கும் இதில் வேலை உண்டு. ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பத்திரிகைச் செய்தி ஒன்றைத் தமிழில் ஒரு தடவை மட்டும் வாசித்துவிட்டு, பிள்ளையின் குறிப்பைப் பார்த்துக் கேள்வி கேளுங்கள். என் உம்மா இப்போது அதைத்தான் செய்கிறார். திரும்ப வாசிக்கச் சொன்னால் மறுத்துவிடுகிறார்.