மேல்மலையனூர் பயணத்துக்கு ஒரு கணக்கு

அன்பு மருமகளுக்கு,

பங்குனி அமாவாசைக்குக் குடும்பத்தோடு மேல்மலையனூர் வரப்போகிறீர்கள், செலவுக் கணக்குப் போடும் பொறுப்பு உன்னிடம் வந்திருக்கிறது என்று அண்ணன் சொன்னார். நீ அனுப்பிய தாளைப் பார்த்தேன். வேன், ரூம், சாப்பாடு, பூஜை என்று வரிசையாக எழுதி எதிரே தொகை போட்டிருக்கிறாய். ஆனால் எந்த மணிக்கு யார் எங்கே இருப்பார்கள் என்பது அதில் இல்லை. கோயில் பயணத்தில் முதலில் எழுத வேண்டியது அதுதான். பணம் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம் அமாவாசை இரவில், நள்ளிரவை ஒட்டி நடக்கும். தை, மாசி, ஆடி அமாவாசை என்றால் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். சாதாரண மாதத்திலும் சாயங்காலம் ஆனால் வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து நடைதான். எழுபத்து நாலு வயதில், வீங்கிய முழங்காலோடு, என் அம்மாவால் அந்த நெரிசலில் நிற்க முடியாது. அப்பாவுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பாத்ரூம் போயாக வேண்டும். அதனால் பயணத்தை இரண்டாகப் பிரித்துவிடு. பெரியவர்களும், மொட்டை போட வேண்டிய குழந்தையும் காலையிலேயே தரிசனம் முடித்து, மதியச் சாப்பாட்டுக்குள் நான் இருக்கும் செஞ்சிக்கு வந்துவிடட்டும். ஊஞ்சல் பார்க்க ஆசைப்படும் நீங்கள் நாலைந்து பேர் ராத்திரி செஞ்சியிலிருந்து சிறப்புப் பேருந்தில் போய் வாருங்கள். வேன் நிற்கட்டும், மறுநாள் ஓட்ட வேண்டிய டிரைவரும் தூங்குவார்.

இனி வேன் கணக்கு. பெரும்பாலான வண்டிக்காரர்கள் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்றுதான் வாடகை பேசுவார்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தத் தூரத்துக்குப் பணம் உண்டு. கிலோமீட்டருக்கு 24 ரூபாய் என்று வைத்துக்கொள். இரண்டு நாளுக்கு 500 கிலோமீட்டர், 12,000 ரூபாய். டிரைவர் பேட்டா நாளைக்கு 600 வீதம் 1,200. பரனூர், ஆத்தூர் சுங்கச்சாவடிகளுக்கும் பார்க்கிங்குக்கும் சேர்த்து 1,000. ஆக 14,200. ஆனால் தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வழியாகச் செஞ்சி வந்து, மேல்மலையனூர் போய்த் திரும்பி, மறுபடி வீடு சேர்ந்தால் மொத்தமே 300 கிலோமீட்டருக்குள்தான் வரும். மீதி 200 கிலோமீட்டருக்கு நீங்கள் சும்மா பணம் கட்டுகிறீர்கள். அண்ணாமலையாரைப் பார்க்க வேண்டும் என்று அப்பா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை நாற்பது கிலோமீட்டர் அளவுதான். மறுநாள் காலை ஆறு மணிக்கே கிளம்பினால் கூடுதலாக ஒரு ரூபாய் வாடகை இல்லாமல் போய்வரலாம். வெயில் ஏறுவதற்குள் பிராகாரத்தை விட்டு வந்துவிட வேண்டும்; பங்குனியில் ஒன்பது மணிக்கு மேல் கருங்கல் தரை கால் வைக்க விடாது. ராத்திரி கண் விழித்தவர்கள் இங்கேயே தூங்கட்டும்.

ஒன்றை மட்டும் வண்டிக்காரரிடம் முன்னாலேயே கேட்டுவிடு: நாள் கணக்கு எப்போது தொடங்கி எப்போது முடிகிறது? பலர் நள்ளிரவு பன்னிரண்டு முதல் பன்னிரண்டு வரை ஒரு நாள் என்பார்கள். ‘கூட்டத்துக்கு முன்னால் போய்விடலாம்’ என்று முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கே கிளம்பினால், அந்த இரண்டு மணி நேரம் தனி நாளாகிவிடும். இன்னொரு 6,000 ரூபாயும் ஒரு பேட்டாவும் போகும். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். திண்டிவனத்தில் டிபன் சாப்பிட்டுவிட்டு நேராக மேல்மலையனூர் போங்கள்.

தங்குவதற்கு மூன்று அறை எழுதியிருக்கிறாய். இரண்டு போதும். மற்றவர்கள் என் வீட்டில் படுத்துக்கொள்ளலாம். அம்மாவையும் அப்பாவையும் நான் வீட்டுக்கு அழைக்காததற்குக் காரணம் இங்கே இருக்கும் இந்தியன் டாய்லெட்தான். அம்மாவால் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. லாட்ஜுக்குப் போன் செய்யும்போது ஏ.சி. உண்டா என்று பிறகு கேள். தரைத்தளத்தில் அறை இருக்கிறதா, லிஃப்ட் கரண்ட் போனாலும் ஓடுமா, வெஸ்டர்ன் டாய்லெட் அறைக்குள்ளேயே இருக்கிறதா என்று முதலில் கேள். அமாவாசைக்கு வாடகையை ஏற்றுவார்கள். அதனால் தேதியைச் சொல்லியே விலை கேட்டு, முன்பணம் கட்டி ரசீது வாங்கிவிடு. அறைக்கு 1,500 என்றால் 2025 செப்டம்பரிலிருந்து ஐந்து சதவீத ஜிஎஸ்டி. இரண்டுக்கும் 3,150 ஆகும். 24 மணி நேரக் கணக்கா, பகல் பன்னிரண்டு மணிக்குக் காலி செய்ய வேண்டுமா என்பதையும் தெரிந்துகொள்.

சாமி காரியத்தில்தான் கணக்கு பிசகும், ஏனென்றால் அங்கே யாருக்கும் பேரம் பேச மனம் வராது. என்ன நேர்ந்துகொண்டோம் என்று அம்மாவிடமும் சித்தியிடமும் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள். குழந்தைக்கு மொட்டை, காதுகுத்து, அம்மனுக்குப் புடவை, எலுமிச்சம்பழ மாலை என்று எனக்குத் தெரியும். அம்மா மனதில் இன்னும் ஏதாவது இருக்கும், கோயில் வாசலில் வைத்துத்தான் சொல்வாள். அறநிலையத்துறைக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணம் இல்லை என்று 2021-இல் அறிவித்தார்கள். மேல்மலையனூரும் அந்தத் துறைக் கோயில்தான். முடி எடுப்பவருக்கு நாம் மனமுவந்து கொடுப்பது வேறு. அதற்கு ஒரு தொகை எழுது. புது பிளேடா என்று பார்த்துக்கொள். புடவை, குங்குமம், மஞ்சள், கற்பூரத்தை ஊரிலேயே வாங்கிவிடுங்கள். பூவும் எலுமிச்சையும் மட்டும் அங்கே. அர்ச்சனைச் சீட்டைக் கவுண்டரில் வாங்குங்கள். தட்டில் போடப் பத்து, இருபது ரூபாய் நோட்டுகளாக 500 ரூபாய் தனிக் கவரில் இருக்கட்டும். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டிக்கொண்டு சில்லறைக்குக் காத்து நிற்கும் இடமில்லை அது. எல்லாம் சேர்த்து 4,000 வை. குழந்தையின் கம்மலை இதில் சேர்க்காதே. தங்கம் அன்றன்றைய விலை. அது சித்தப்பாவின் தனிக் கணக்கு. அம்மா மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கும் காணிக்கையும் இந்தக் கணக்கில் வராது. சில்லறை இல்லை என்று அதை அவிழ்த்துவிடாதீர்கள். முடிச்சு முடிச்சாகவே உண்டியலில் விழ வேண்டும்.

பெரியவர்களுக்கென்று உன் தாளில் ஒரு வரிகூட இல்லை. 2,500 ரூபாய் ஒதுக்கு. ஒரு மடக்கு நாற்காலி வாங்கு. வரிசையில் நிற்கிற இடமெல்லாம் அம்மா உட்கார அது வேண்டும். வண்டி நிற்கும் இடத்திலிருந்து வாசல் வரை ஆட்டோ, அப்பாவுக்கு இரண்டு டயபர், சுடுதரைக்குக் கெட்டியான காலுறை, ஃபிளாஸ்க். மாத்திரையை இரண்டு நாளுக்குப் பதில் நாலு நாளுக்கு எடுத்து, பாதியை அம்மா பையிலும் பாதியை உன் பையிலும் வை. அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை போட்ட பிறகு சாப்பாடு தள்ளிப்போகக் கூடாது. வரிசை நீளமாகத் தெரிந்தால் முதலில் இட்லி, அப்புறம்தான் தரிசனம். வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். நினைவு தெளிவாக இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடு. தெளியாவிட்டால் 108-ஐக் கூப்பிடு. செஞ்சியில் அரசு மருத்துவமனை இருக்கிறது.

சாப்பாட்டுக்கு ஒன்பது பேருக்கு 5,000 போதும். இரண்டு மதியமும் என் வீட்டில்தான். மொத்தம் 28,850 ஆகிறது. அதோடு 3,000 கைவசம் வைத்துக்கொண்டு, 32,000 என்று சித்தப்பாவிடமும் உன் அப்பாவிடமும் சொல். தாத்தா பாட்டியிடம் பங்கு கேட்காதே. அவர்களாகக் கொடுத்தால் மறுக்காதே. இந்த வாரத்துக்குள் வேனுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடு. லாட்ஜை நான் நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
செஞ்சி அத்தை