கேட்டதில் பாதிதான் கையில் இருக்கும்போது

கண்ணு, நீ அனுப்பிய விளம்பரத்தைப் படித்தேன். கணக்குப் பிரிவு வேலை. பி.காம்., மூன்று ஆண்டு அனுபவம், டேலி, ஜிஎஸ்டி தாக்கல், டிடிஎஸ் என்று கேட்கிறார்கள். உன்னிடம் இருப்பது பட்டமும், ஆடிட்டர் அலுவலகத்தில் ஒன்றரை ஆண்டும்.

1. தாண்டவே முடியாத வரி எது என்று முதலில் பார். டிஎன்பிஎஸ்சி அறிவிக்கையில் வயதும் கல்வித் தகுதியும் அப்படிப்பட்டவை; அறிவிக்கையில் இல்லாத சலுகையை அங்கே கேட்டுப் பயனில்லை. தனியார் நிறுவனத்தில் 'மூன்று ஆண்டு' என்பது பெரும்பாலும் ஒரு கணிப்புதான். நானே அப்படி எழுதிவிட்டு, இரண்டு ஆண்டு அனுபவக்காரரை எடுத்திருக்கிறேன். மாதக் கணக்கைத் துணையின்றி முடிப்பாரா என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

2. தவறாமல் செய்ய வேண்டிய வேலை எது என்று அடுத்துக் கேள். மாதந்தோறும் தாக்கல் செய்யும் நிறுவனம் என்றால் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் 3பி. அந்தப் பக்கமே போகாதவளாக இருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். நீ போயிருக்கிறாய். டிடிஎஸ் அருகிருந்து கற்கக்கூடியது.

3. இல்லாததை இருப்பதாக எழுதாதே. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இளவயதில் ஒரு மனுவில் 'வங்கிக் கணக்கு ஒப்பீடு நன்கு தெரியும்' என்று எழுதினேன். பிறர் செய்யப் பார்த்திருந்தேன், அவ்வளவுதான். முதல் வாரமே ஓராண்டு வங்கிப் புத்தகத்தை முன்னால் வைத்தார்கள். போட்டும் பணமாகாத காசோலைகளை எந்தப் பக்கம் கூட்டுவது என்று தெரியாமல் மூன்று நாள் மறைத்தேன். வேலை போகவில்லை. ஆனால் அதன்பின் இரண்டு ஆண்டு, நான் சரியாகப் போட்ட கணக்கையும் மேலாளர் மறுபடி கூட்டிப் பார்த்தார்.

4. இல்லாததை மறைக்காமல், அதற்குப் பக்கத்தில் நீ செய்ததைச் சொல். 'ஜிஎஸ்டி அனுபவம் உண்டு' என்று பொதுவாக எழுதினால் பொய் போலவும் இருக்கும், உன் உழைப்பும் தெரியாது. இப்படி எழுது: "ஒன்றரை ஆண்டாக ஜிஎஸ்டிஆர்-1 விவரங்களைத் தயாரிக்கிறேன். 3பியை மூத்தவர் தாக்கல் செய்கிறார். அதற்காகக் கொள்முதல் பில்களை 2பியோடு ஒப்பிட்டுக் கொடுப்பது நான். டிடிஎஸ் இதுவரை செய்ததில்லை." மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம், 'விரைவில் கற்றுக்கொள்வேன்' என்ற வாக்குறுதியும் வேண்டாம். டிடிஎஸ் படிக்க உண்மையிலேயே தொடங்கிவிட்டால் மட்டும் அதையும் ஒரு வரி சேர்.

5. எழுதிய ஒவ்வொரு வரிக்கும் நேர்முகத்தில் ஒரு கேள்வி காத்திருக்கும். '2பியில் வராத பில்லை என்ன செய்தாய்?' என்பார்கள். வரவு எடுக்காமல் நிறுத்தி வைத்ததையும், விற்றவரைக் கூப்பிட்டு அவருடைய ஜிஎஸ்டிஆர்-1இல் ஏற்றச் சொன்னதையும் நடந்தபடி சொல். செய்தவளுக்கு அது தடுமாறாமல் வரும்.

இந்த வேலைக்கு நீ மனுப் போடலாம். இன்றிரவு அந்த நான்கு வரிகளை உன் சொற்களில் எழுதி, அனுப்பும் முன் எனக்கு ஒருமுறை வாசித்துக் காட்டு.